ஜன்னலுக்கு இருந்த 5 நாள்: ஒரு சிறிய கட்டட வேலையில் கிரிட்டிக்கல் பாத் கணக்கு

இருந்த வீட்டோடு சேர்த்து இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டினோம். சின்ன வேலைதான். அதுவே சொன்ன தேதியைத் தாண்டி இழுத்தது, வாடகை வீட்டில் கூடுதலாக இருக்க வேண்டி வந்தது, கடனுக்கு வட்டி ஓடியது. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். வேலையை வேகப்படுத்தலாம் என்று கூடுதலாகக் கொடுத்த கூலியால் ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை என்று பிறகு தெரிந்ததுதான் ரொம்பநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பணம் ஏன் வீணானது என்று தெரிந்துகொள்ளத்தான், எந்தெந்த வேலை தள்ளினால் முடிவுத் தேதியே தள்ளும் என்று காட்டும் கிரிட்டிக்கல் பாத் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும், அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். கட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதனால்தான் எண்களோடு விவரமாக எழுதுகிறேன்.

ஒப்பந்தக்காரர் தொடக்கத்தில் ஒரு பட்டைப் படம் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை, கீழே தேதிகள், கடைசியில் 75-வது நாளில் பெயின்ட் முடிவதாக இருந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது அதில் இல்லை. ஜன்னல் பட்டைக்கும் பூச்சு வேலைப் பட்டைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதைக் காட்டி, "ஜன்னலுக்கு நிறைய டைம் இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்றார். எவ்வளவு டைம், அது யாருடைய டைம் என்பதை அந்தப் படத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு படம் கிடைத்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, ஒவ்வொரு வேலைக்கும் "இதைத் தொடங்க எது எது முடிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கணக்கின் அடிப்படை அந்தப் பட்டியல்தான்.

எங்கள் வேலையின் பட்டியல் இது. வானம் தோண்ட 4 நாள். அது முடிந்ததும் அஸ்திவாரம் 10 நாள். அதன் மேல் சுவர் 12 நாள். சுவர் முடிந்ததும் கூரைக்குச் சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட 8 நாள். பிறகு தண்ணீர் விட்டு, இறுகவிட்டு, சென்டரிங் பிரிக்கும்வரை 14 நாள். அடியில் முட்டுகள் எடுத்த பிறகு சுவரில் ஒயரிங் பைப்பும் தண்ணீர் பைப்பும் பதிக்க 5 நாள். இது ஒரு வரிசை. இன்னொரு பக்கம், சுவரில் விட்ட திறப்பை அளந்து பட்டறையில் ஜன்னல் செய்ய 20 நாள். அதாவது அதுவும் சுவர் முடிந்த பிறகுதான். ஜன்னல் ஃப்ரேம் பொருத்த 2 நாள். அதற்கு ஜன்னலும் வந்திருக்க வேண்டும், சென்டரிங்கும் பிரித்திருக்க வேண்டும். பைப் பதிப்பது, ஃப்ரேம் பொருத்துவது இரண்டும் முடிந்தால்தான் பூச்சு, 9 நாள். பூச்சு ஃப்ரேமின் விளிம்பில் வந்து முட்டி நிற்க வேண்டும், அதனால்தான் இந்த நிபந்தனை. வெளியே கழிவுநீர்க் குழாய் போட 6 நாள். அஸ்திவாரம் முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், தரை போடுவதற்கு முன் முடிந்தால் போதும். பூச்சு முடிந்து தரை 6 நாள், கடைசியாகப் பெயின்ட் 7 நாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சென்டரிங் 16 நாள் இருக்க வேண்டும் என்றார்கள். அது நாட்காட்டி நாள். கான்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது, அது எல்லா நாளும் இறுகிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாம் வேலை நாட்கள், வாரம் ஒரு நாள் விடுமுறை. இரண்டையும் கலந்து கூட்டினால் கணக்கு தப்பிப் போகும். அந்த 16 நாளில் 2 விடுமுறை வந்ததால் வேலை நாள் கணக்கில் 14 என்று மாற்றி எழுதியிருக்கிறேன். பட்டறைக்காரர் சொல்லும் 20 நாளையும் இப்படித்தான் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி முன்னோக்கிய கணக்கு. 0 என்றால் வேலை தொடங்கும் காலை, 4 என்றால் 4 வேலை நாள் முடிந்த மாலை. ஒரு வேலையைச் சீக்கிரமாக எப்போது தொடங்கலாம் என்றால், அது காத்திருக்கும் வேலைகள் எல்லாவற்றிலும் கடைசியாக முடிவது எதுவோ அப்போது. அதோடு நாட்களைக் கூட்டினால் சீக்கிரமாக முடியும் நாள். தோண்டுவது 0–4, அஸ்திவாரம் 4–14, சுவர் 14–26, கூரை 26–34, சென்டரிங் காத்திருப்பு 34–48, பைப் 48–53. ஜன்னல் செய்வது 26–46. ஃப்ரேம் பொருத்த 46-லும் 48-லும் பெரியதை எடுக்க வேண்டும், எனவே 48–50. பூச்சுக்கு 53-லும் 50-லும் பெரியது 53, எனவே 53–62. வெளிக்குழாய் 14–20. தரை 62–68. பெயின்ட் 68–75. ஒப்பந்தக்காரர் சொன்ன 75 இங்கே சரியாக வந்துவிட்டது. முடிவுத் தேதியைப் பொறுத்தவரை அவருடைய படத்தில் தவறு இல்லை.

அப்புறம் பின்னோக்கிய கணக்கு. பட்டைப் படம் சொல்லாதது எல்லாம் இதில்தான் வெளிவரும். கடைசி வேலையின் முடிவான 75-ஐ வைத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். 75 கெடாமல் ஒரு வேலை எவ்வளவு தாமதமாக முடியலாம் என்றால், அதற்காகக் காத்திருக்கும் வேலைகளின் தாமதத் தொடக்கங்களில் சிறியது எதுவோ அதுவரை. அதிலிருந்து நாட்களைக் கழித்தால் தாமதமாகத் தொடங்கக்கூடிய நாள். பெயின்ட் 68–75, தரை 62–68, பூச்சு 53–62. பைப் 48–53. ஃப்ரேம் பொருத்துவது 53-க்குள் முடிந்தால் போதும், எனவே 51–53. ஜன்னல் 51-க்குள் வந்தால் போதும், எனவே 31–51. வெளிக்குழாய் 56–62. சென்டரிங் காத்திருப்புக்குப் பின்னால் பைப் 48, ஃப்ரேம் 51 என்று இரண்டு இருக்கின்றன. சிறியது 48, எனவே 34–48. சுவருக்குப் பின்னால் கூரை 26, ஜன்னல் 31. சிறியது 26, எனவே 14–26.

தாமதமாக முடியக்கூடிய நாளிலிருந்து சீக்கிரமாக முடியும் நாளைக் கழித்தால் வருவது ஃப்ளோட், அதாவது அந்த வேலையிடம் கையிருப்பாக உள்ள நாட்கள். தோண்டுதல், அஸ்திவாரம், சுவர், கூரை, காத்திருப்பு, பைப், பூச்சு, தரை, பெயின்ட் எல்லாவற்றுக்கும் 0. அதுதான் கிரிட்டிக்கல் பாத். இதில் எது ஒரு நாள் தள்ளினாலும் 75-ம் ஒரு நாள் தள்ளும். வெளிக்குழாய்க்கு 42 நாள் ஃப்ளோட். ஜன்னல் செய்ய 5, ஃப்ரேம் பொருத்த 3.

இதைக் கணினி விரிதாளில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் வேலை நடக்க நடக்கத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். வரிசைக்கு ஒரு வேலையாக, B-யில் நாட்கள், C-யில் சீக்கிரத் தொடக்கம், D-யில் சீக்கிர முடிவு, E-யில் தாமதத் தொடக்கம், F-ல் தாமத முடிவு என்று வைத்தேன். முதல் வேலை 2-வது வரியில் தொடங்கி, 3-ல் அஸ்திவாரம், 4-ல் சுவர், 5-ல் கூரை, 6-ல் காத்திருப்பு, 7-ல் பைப், 8-ல் ஜன்னல், 9-ல் ஃப்ரேம், 10-ல் வெளிக்குழாய், 11-ல் பூச்சு, 12-ல் தரை. ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் வந்து சேரும் இடங்களிலும் பிரியும் இடங்களிலும் மட்டும் கவனம் தேவை:

```
C9   =MAX(D6,D8)
C11  =MAX(D7,D9)
C12  =MAX(D10,D11)
F6   =MIN(E7,E9)
F4   =MIN(E5,E8)
F3   =MIN(E4,E10)
```

மற்ற வரிகளில் C-க்கு அது காத்திருக்கும் வேலையின் D-யையும், F-க்கு அதற்காகக் காத்திருக்கும் வேலையின் E-யையும் அப்படியே எடுத்தால் போதும். முதல் வேலையின் C 0, கடைசி வேலையின் F அதன் D-யே. D என்பது C+B, E என்பது F-B, ஃப்ளோட் F-D.

இப்போது அந்த 5-ஐயும் 3-ஐயும் பார்ப்போம். ஜன்னலுக்கு 5, ஃப்ரேமுக்கு 3, ஆக மொத்தம் 8 நாள் இருக்கிறது என்று படிக்கத் தோன்றும். அப்படி இல்லை. இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன. அந்த 3 நாள், 5 நாளுக்குள்ளேயே அடங்கியது. ஜன்னல் 46-ல் வர வேண்டியது. ஃப்ரேம் வேலை எப்படியும் 48-க்கு முன் தொடங்க முடியாது. ஆகவே 2 நாள் தாமதமானால் யாருக்கும் எதுவும் ஆகாது. அந்த 2 நாள் மட்டும்தான் பட்டறைக்காரருக்கே உரியது. இதை ஃப்ரீ ஃப்ளோட் என்பார்கள். மீதி 3 நாளை அவர் எடுத்துக்கொண்டால் ஃப்ரேம் பொருத்துகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. எங்கள் வேலையில் பட்டறைக்காரரிடம் "5 நாள் முன்னே பின்னே ஆகலாம்" என்று சொல்லியிருந்தார்கள். ஃப்ரேம் பொருத்துகிறவரிடமும் "3 நாள் இருக்கு" என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நாட்களை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வெளியே சொல்வதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஃப்ரீ ஃப்ளோட்டை மட்டும் சொல்லுங்கள். மீதி உங்கள் கையில் இருக்கட்டும்.

நடந்தது இதுதான். அளவெடுக்கப் பட்டறைக்காரர் 26-ம் நாள் வரவில்லை, 29-ல்தான் வந்தார். அவசரமில்லை என்றுதானே அவரிடம் சொல்லியிருந்தார்கள்! அதன் பிறகு அவர் கேட்ட அளவில் சட்டம் கிடைக்காமல், 20 நாள் வேலை 27 நாள் ஆகும் என்றார். அதாவது ஜன்னல் 56-ல் வரும். இந்தச் செய்தி எனக்குக் கிடைத்தபோது கூரைக் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஒரு வழி சொன்னார். "எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் ரெண்டு செட்டாப் போட்டா 5 நாள் வேலையை 3 நாள்ல முடிச்சிடலாம் சார். போன நாளைப் பிடிச்சிடலாம்." பைப் பதிப்பது கிரிட்டிக்கல் பாத்தில் இருக்கும் வேலை என்பது பழைய கணக்குப்படி சரிதான். அதனால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கூடுதல் கூலிக்குச் சம்மதித்தேன். ஆட்கள் உண்மையாகவே உழைத்து 51-ல் முடித்தும் கொடுத்தார்கள்.

இப்போது விரிதாளில் ஜன்னல் வரியில் தொடக்கம் 29, நாட்கள் 27 என்று மாற்றிப் பாருங்கள். ஜன்னல் 29–56, ஃப்ரேம் 56–58. பூச்சுக்கு 53-லும் 58-லும் பெரியது 58. முடிவு 80. மொத்தத் தாமதம் 10 நாள், அதில் 5-ஐ ஃப்ளோட் தாங்கியது, மீதி 5 முடிவுத் தேதியில் விழுந்தது. கிரிட்டிக்கல் பாத் இடம் மாறிவிட்டது. சுவரிலிருந்து ஜன்னல், ஃப்ரேம், பூச்சு என்று போகிறது. பைப் வேலைக்கு இப்போது 5 நாள் ஃப்ளோட் வந்துவிட்டது. அதை 5 நாளில் முடித்தாலும் 3 நாளில் முடித்தாலும் பூச்சு 58-ல்தான். நான் கொடுத்த கூடுதல் கூலி வாங்கித் தந்தது, பைப் பதித்த சுவர்கள் சும்மா காத்திருக்கும் 2 நாளை மட்டுமே. எண்களை அப்போதே மாற்றிப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் இது தெரிந்திருக்கும். வேகப்படுத்தப் பணம் கேட்டால், அந்த வேலையின் இன்றைய ஃப்ளோட் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். தொடக்க நாளில் போட்ட ஃப்ளோட்டை நம்பாதீர்கள். 0-க்கு மேல் இருந்தால் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த முறையை 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கியபோது அவர்கள் தேடிய விடையும் இதுவே: எந்த வேலையை வேகப்படுத்தப் பணம் போட்டால் முடிவு தேதி நகரும் என்பது. பெரிய தொழிற்சாலைக்காக வந்த கணக்கு இரண்டு அறைக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சமயம் இன்னொரு யோசனையும் வந்தது, சென்டரிங்கை முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்று. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பது கூரையின் நீளம், சிமென்ட் வகை, வெயில், குளிர் எல்லாம் பார்த்துப் பொறியாளர் சொல்ல வேண்டியது. ஆள் கூட்டி அதைக் குறைக்க முடியாது. ஆபத்து ஒரு பக்கம் இருக்க, கணக்குப்படியும் பயன் கிடையாது. ஜன்னல் 56-ல்தான் வருகிறது என்னும்போது முட்டுகளை 44-ல் எடுத்தால் என்ன, 48-ல் எடுத்தால் என்ன?

கணக்கு 80 என்றது, வேலை முடிந்ததோ 86-ல். இந்த 6 நாள் எங்கிருந்து வந்தது என்றால், பூச்சுக் கொத்தனார்கள் 53-ல் வேலை இருக்கும் என்று வந்து பார்த்துவிட்டு, ஜன்னல் இல்லாததால் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே எடுத்த வேலையை முடித்துத் திரும்ப 64 ஆகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கூலியில்லாமல் யார் காத்திருப்பார்கள்? ஆனால் கிரிட்டிக்கல் பாத் கணக்கின் எல்லை இங்கேதான். வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதை மட்டும் அது பார்க்கும். ஆள் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. ஜன்னல் தாமதம் என்று தெரிந்த அன்றே கொத்தனார் தலைவரைக் கூப்பிட்டு 58-க்கு நாள் குறித்திருந்தால் அந்த 6 நாள் மிச்சம். தேதி நகர்ந்தால், அந்தத் தேதியை நம்பி இருக்கிற அடுத்த ஆட்களுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, தள்ளிப்போன 11 நாளைக் காசு செலவில்லாமல் தவிர்த்திருக்க முடியுமா என்று பார்த்தேன். இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே ஆட்களை விரட்டுவது இல்லை, "எது முடிந்தால் எது" என்ற பட்டியலைக் கேள்வி கேட்பது.

முதலாவது, சுவர் முடிந்த பிறகுதான் ஜன்னல் அளவெடுக்க வேண்டும் என்பது. சுவர் இல்லாமல் கூரை போட முடியாது, அந்த நிபந்தனையை மாற்ற முடியாது. ஆனால் ஜன்னலுக்குச் சுவர் முடியக் காத்திருப்பது வழக்கம்தான்; கட்டும்போது திறப்பு அரை அங்குலம் முன்னே பின்னே ஆகிவிடும் என்ற பயத்தில் வந்த வழக்கம். வரைபடத்தில் ஜன்னல் அளவை உறுதி செய்து, அதே அளவில் ஒரு மரச்சட்டம் அடித்து, சுவர் எழும்பும்போது திறப்பில் வைத்துக் கட்டினால் அளவு மாறாது. அப்படிச் செய்தால் முதல் நாளே பட்டறைக்குச் சொல்லலாம். ஜன்னல் 0–20 என்றாகும், தாமத முடிவு அதே 51, ஃப்ளோட் 5-லிருந்து 31 ஆகிவிடும். வரைபடத்தை நடுவில் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

இரண்டாவது வழி, ஜன்னல் தாமதம் என்று தெரிந்த பிறகும் கையில் இருந்தது. பூச்சு முழுவதும் ஜன்னலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று 9 நாளை ஒரே வரியாக எழுதியிருந்தோம். உண்மையில் கூரையின் அடிப்பக்கத்துக்கும் சுவர்களின் பெரும்பகுதிக்கும் ஜன்னல் தேவையே இல்லை. ஃப்ரேமைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுவிட்டு மற்றதைப் பூச 6 நாள், ஜன்னல் ஓரங்களைப் பூச 3 நாள் என்று வரியை இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதி பைப் முடிந்ததும் 53–59. இரண்டாம் பகுதிக்கு 59-லும் 58-லும் பெரியது 59, எனவே 59–62. தரை 62-ல் தொடங்குகிறது. முடிவு 75! ஜன்னல் 10 நாள் தாமதமாக வந்தும் பழைய தேதி அப்படியே நிற்கிறது, அதுவும் பைப் வேலைக்கு வழக்கமான 5 நாளே எடுத்துக்கொண்டு. இப்படிப் பிரித்தால் ஜன்னலின் ஃப்ளோட் 5-லிருந்து 11 ஆகிறது. கொத்தனார்களும் 53-ல் வந்து வேலையைத் தொடங்கியிருப்பார்கள், வேறு இடம் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு சிரமம் உண்டு. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில் மெல்லிய விரிசல் தெரியலாம். முதல் நாள் பூச்சு ஈரமாக இருக்கும்போதே விளிம்பை நேராக வெட்டி நிறுத்தி, பிறகு அதை நனைத்துவிட்டுச் சேர்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் கொத்தனார் தலைவரிடம் பிறகு கேட்டேன். "அது எப்பவும் செய்யறதுதான் சார், ஜன்னல் வரலைன்னு யாரும் எங்ககிட்ட சொல்லலையே" என்றார்.